ரன்வே ஒரே மாதத்தில் 8-இலிருந்து 22 ஆக ஏறுமா? (முதலீட்டாளர் மாத டெக்)

மாதக்கடைசி · மார்ச் 6, இரவு

எங்களிடம் பணம் போட்ட ஐந்து பேருக்கும் மாதம் தவறாமல் ஒரு டெக் அனுப்புவேன். பிப்ரவரிக்கானது நேற்றுப் போனது. 14 ஸ்லைடு, மூன்று நாள் வேலை. வந்த பதில் ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு வரி: "போன மாதம் ரன்வே 8 மாதம் என்றீர்கள், இப்போது 22 என்கிறீர்கள். நடுவில் என்ன நடந்தது?"

நல்லதுதான் நடந்தது என்று பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. என்ன நல்லது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

தொழில் இதுதான்: சின்னக் கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள், மாதச் சந்தா. பதினோரு பேர் வேலை செய்கிறோம். எண்கள் ஆயிரத்தில், எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் வங்கியில் 2,100. மாதத்தில் வந்தது 520, போனது 610, கடைசியில் 2,010. அதாவது 90 கரைந்தது. இதே வேகத்தில் கரைந்தால் இருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதுதானே ரன்வே: 2,010-ஐ 90-ஆல் வகுத்தால் 22 மாதம். ஜனவரியில் 250 கரைந்தது, அதனால் அப்போது 8. கணக்கில் தப்பில்லை. ஆனால் ஏதோ உறுத்துகிறது. எங்கே என்று சொல்லுங்கள்.

ராக்கெட் · மார்ச் 6, இரவு

ஒரு மாதத்துக் கரைசலை வைத்து ரன்வே போடவே கூடாது. மூன்று மாத சராசரி எடுங்கள், பிரச்சினை முடிந்தது. அப்புறம் 14 ஸ்லைடை யாரும் படிக்க மாட்டார்கள். முதல் ஸ்லைடில் வளர்ச்சி, பெரிய எழுத்தில். மற்றதெல்லாம் அலங்காரம்.

மாதக்கடைசி · மார்ச் 7

சராசரி போட்டுப் பார்த்தேன். டிசம்பர் 240, ஜனவரி 250, பிப்ரவரி 90. சராசரி 193. ரன்வே 10 மாதம் சொச்சம்.

ஆக இப்போது என் கையில் 8, 10, 22 என்று மூன்று எண்கள். எதையும் நம்ப முடியவில்லை. முன்பாவது ஒன்றைத்தான் நம்பாமல் இருந்தேன்.

புதுசு22 · மார்ச் 7

சந்தை எவ்வளவு பெரியது, போட்டியாளர் யார், எவ்வளவு கேட்கிறீர்கள் என்ற ஸ்லைடுகள் இருக்கின்றனவா? அவை இல்லாமல் முதலீட்டாளர் பணம் தர மாட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மாதக்கடைசி · மார்ச் 7

அது பணம் திரட்டப் போகும்போது காட்டும் டெக். இவர்கள் ஏற்கனவே போட்டுவிட்டார்கள். போட்ட பணம் என்ன ஆனது என்று சொல்வதுதான் இது.

பழைய_ஆடிட்டர் · மார்ச் 7, மாலை

வந்த 520-இல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து மொத்தமாக வந்தது ஏதாவது உண்டா?

மாதக்கடைசி · மார்ச் 7, மாலை

உண்டு. ஒருவர் ஒரு வருடச் சந்தாவை முன்பணமாகக் கட்டினார். 180. டெக்கில் "சாதனைகள்" ஸ்லைடில் முதல் வரியே அதுதான்.

...ஓ.

மாதக்கடைசி · மார்ச் 7, நள்ளிரவு

சரி, தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். 180 என்பது 12 மாதத்துக்கான பணம், மாதத்துக்கு 15. ஆகவே 520-இலிருந்து 180-ஐ எடுத்துவிட்டு 15-ஐச் சேர்த்தால் வரவு 355. செலவு 610. கரைந்தது 255. ரன்வே 2,010 வகுத்தல் 255, அதாவது 7.9 மாதம். போன மாதம் போலவேதான் இருக்கிறோம், ஒன்றும் மாறவில்லை. இதை எழுதி அனுப்பிவிடலாமா?

பழைய_ஆடிட்டர் · மார்ச் 8

அனுப்ப வேண்டாம். 180-ஐ எடுத்தது சரி, 15-ஐச் சேர்த்தது தவறு.

லாப நட்டக் கணக்கில் மாதம் 15 என்று பிரித்துக் காட்டுவது முறைதான். 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கியல் தரம் அப்படித்தான் கேட்கிறது: வாங்கிய முன்பணம் நீங்கள் இன்னும் செய்து கொடுக்க வேண்டிய வேலை, அதுவரை அது பொறுப்புப் பக்கம் உட்கார்ந்திருக்கும். ஆனால் ரன்வே என்பது லாப நட்டக் கணக்கு அல்ல, வங்கிக் கணக்கு. அந்த வாடிக்கையாளர் இன்னும் 11 மாதத்துக்கு உங்களுக்கு ஒரு காசு தரப்போவதில்லை. அவருடைய 180 ஏற்கனவே 2,010-க்குள் இருக்கிறது. அதே பணத்தை இருப்பிலும் எண்ணி, மாத வரவிலும் 15-ஆக எண்ணுகிறீர்கள்.

வரவு 340. கரைசல் 270. ரன்வே ஏழரை மாதத்துக்குச் சற்றுக் குறைவு.

மாதக்கடைசி · மார்ச் 8

22 என்று எழுதி அனுப்பியவன் நான். உண்மை ஏழரைகூட இல்லை. அதாவது ஜனவரியில் சொன்ன எட்டிலிருந்து ஒரு மாதம் கழிந்திருக்கிறது, அவ்வளவே. காலண்டர் ஓடுவது மாதிரி.

ராக்கெட் · மார்ச் 8

மன்னிக்கணும், இதில் எனக்கு உடன்பாடில்லை. முன்பணம் பொய்ப் பணமா? வங்கியில் இருக்கிறது, சம்பளம் கொடுக்கலாம். முன்பணம் வாங்குவது திறமை. அதைக் கழித்துக் காட்டினால் உங்கள் நல்ல வேலையை நீங்களே மறைக்கிறீர்கள்.

பழைய_ஆடிட்டர் · மார்ச் 8

யாரும் கழிக்கவில்லை தம்பி. 180 முழுதாக இருப்பில் இருக்கிறது. அது வராமல் இருந்திருந்தால் இருப்பு 1,830, ரன்வே 6.8. வந்ததால் 7.4. முன்பணத்தின் லாபம் இரண்டு மூன்று வாரம். அதைத் தாராளமாக எழுதுங்கள், சாதனைகள் ஸ்லைடிலேயே. 14 மாதம் கூடியது என்று எழுதினால்தான் பிரச்சினை.

உங்கள் மூன்று மாத சராசரியும் இதில் காப்பாற்றாது. 180 என்ற கட்டி சராசரிக்குள் கரைந்து, மூன்று மாதத்துக்கு எண்ணை உப்ப வைத்துக்கொண்டே இருக்கும். கட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டுச் சராசரி போட்டால் சரி.

பணம்போட்டவன் · மார்ச் 8, இரவு

நான் எதிர்ப்பக்கம். சின்னச் சின்னத் தொகையாகச் சில தொழில்களில் போட்டிருக்கிறேன், மாதம் ஏழெட்டு அப்டேட் வரும். எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன், உதவினால் சரி.

போனில் திறப்பேன். முதலில் பார்ப்பது வங்கியில் எவ்வளவு என்று. அடுத்து போன மாத மெயிலைத் தேடி எடுத்து, அதில் கடைசி இருப்பு என்று போட்டதும் இதில் தொடக்க இருப்பு என்று போட்டதும் ஒன்றா என்று பார்ப்பேன். பாதிப் பேருக்கு ஒத்துப்போகாது. திருட்டு என்று நினைப்பதில்லை, கணக்கை யாரும் பார்ப்பதில்லை என்று நினைப்பேன். அதுவும் நல்ல எண்ணம் இல்லை பாருங்கள்.

உங்களுக்கு அந்த ஒரு வரிக் கேள்வி அனுப்பியவர் முழுசாகப் படிப்பவர். அவரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக்கடைசி · மார்ச் 9

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். "முக்கிய எண்கள்" ஸ்லைடில் நான் போட்டது: "புதிய சந்தா 38, இதுவரை இல்லாத உச்சம்." பச்சை அம்புக்குறி வேறு.

போடாதது: மொத்த மாதச் சந்தா, எல்லோரும் எம்ஆர்ஆர் என்கிறார்களே அது. ஜனவரிக் கடைசியில் 400. பிப்ரவரிக் கடைசியிலும் 400.

மறைக்க வேண்டும் என்று நினைத்து விட்டதல்ல. அந்த மாதம் எந்த எண் அழகாக இருக்கிறதோ அதை முதலில் வைக்கும் பழக்கம். பழைய டெக்குகளைத் திறந்தேன். அக்டோபரில் முதல் எண் எம்ஆர்ஆர். நவம்பரில் கிளினிக் எண்ணிக்கை. டிசம்பரில் ஒரு கிளினிக்குக்கு எத்தனை அப்பாயின்ட்மென்ட். ஜனவரியில் வசூல். ஐந்து மாதம், ஐந்து தலைப்பு. அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எந்த ஒன்றையும் தொடர்ந்து படிக்க முடியாது. அனுப்பியவனே படிக்க முடியவில்லை.

பணம்போட்டவன் · மார்ச் 9

முதல் எண் மாறினால், பழைய எண் விழுந்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இதுவரை பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

பழைய_ஆடிட்டர் · மார்ச் 9

400 எப்படி 400 ஆனது? 38 வந்ததென்றால் 38 போயிருக்க வேண்டும். அந்தப் பாலத்தைப் போடுங்கள்.

மாதக்கடைசி · மார்ச் 9, இரவு

போட்டேன். தொடக்கம் 400. புதியவர்கள் 38. ஏற்கனவே இருப்பவர்கள் பெரிய திட்டத்துக்கு மாறியது 12. சின்னத் திட்டத்துக்கு இறங்கியது 6. விட்டுப் போனது 44. ஐம்பது உள்ளே, ஐம்பது வெளியே. முடிவு 400.

விட்டுப் போன 44-இல் 30 ஒரே வாடிக்கையாளர். ஒன்பது கிளைகள் உள்ள கிளினிக் குழு. எங்கள் சந்தாவில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. டெக்கில் "சறுக்கல்கள்" ஸ்லைடில் அதைப் பற்றி எழுதியிருப்பது: "சில வாடிக்கையாளர்கள் தங்கள் தேவைகள் மாறியதால் விலகினர்." இப்போது படித்தால் கூசுகிறது.

மரத்தூள் · மார்ச் 10

நான் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறேன், சந்தா கிந்தா எதுவும் இல்லை. இரண்டு பேர் பணம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் எம்ஆர்ஆர் எனக்கு எதற்கு? நானும் மாதம் எழுத வேண்டும் என்கிறார்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய ஆர்டர் ரத்தானபோது அப்டேட் எழுதுவதை நிறுத்தினேன். சரியானதும் எழுதலாம் என்று. நாலு மாதம் ஆனது. நாலாவது மாதம் ஒருவர் நேரிலேயே பட்டறைக்கு வந்துவிட்டார். ரம்பம் ஓடும் சத்தம் கேட்டதும் முகம் தெளிந்தது. மூடிவிட்டேன் என்றே நினைத்து வந்திருக்கிறார்.

பழைய_ஆடிட்டர் · மார்ச் 10

உங்களுக்கு எம்ஆர்ஆர் வேண்டாம். கையில் இருக்கும் உறுதியான ஆர்டர், அதில் அட்வான்ஸ் வந்தது எவ்வளவு, கிடங்கில் மரத்தில் முடங்கிய பணம் எவ்வளவு, டெலிவரி கொடுத்தும் வராத பாக்கி எவ்வளவு. இந்த நாலோடு வங்கி இருப்பு. உங்கள் தொழிலில் லாபம் காட்டிக்கொண்டே பணம் தீர்ந்துபோகும், மரமாகவும் பாக்கியாகவும் மாறி நிற்கும். அதைக் காட்டும் எண்கள்தான் வேண்டும்.

மரத்தூள் · மார்ச் 10

மரமாகவே நிற்கிறது. தேக்கு.

மாதக்கடைசி · மார்ச் 11

திருத்த டெக் அனுப்புவதா, இல்லை மார்ச் டெக்கில் சேர்த்துச் சொல்வதா என்று யோசித்தேன். கூட வேலை செய்யும் பார்ட்னர் "எல்லோரும் கேட்கவில்லையே, ஒருவர்தானே கேட்டார், அவருக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்றார்.

பணம்போட்டவன் · மார்ச் 11

ஐந்து பேருக்கும் ஒரே மெயில். ஒருவருக்கு 7, மற்றவர்களுக்கு 22 என்று இருந்தால், அவர்கள் ஒருநாள் போனில் பேசிக்கொள்வார்கள். பேசிக்கொள்வோம், நம்புங்கள்.

மாதக்கடைசி · மார்ச் 12

அனுப்பிவிட்டேன். டெக் இல்லை, மெயிலிலேயே ஆறு வரி. "பிப்ரவரி டெக்கில் ரன்வே 22 மாதம் என்று போட்டது தவறு. ஒரு வருட முன்பணம் 180-ஐ மாத வரவாக எண்ணிவிட்டேன். அதை ஒதுக்கினால் மாதம் 270 கரைகிறது, ரன்வே சுமார் 7.4 மாதம். மாதச் சந்தா 400-இல் நிற்கிறது: 50 சேர்ந்தது, 50 போனது. போனதில் 30 ஒரே வாடிக்கையாளர், அவரைப் பற்றித் தனியே எழுதுகிறேன். இனி ஒவ்வொரு மாதமும் இந்த வரிசையிலேயே இதே எண்கள் வரும்."

ஒரு மணி நேரத்தில் மூன்று பதில். ஐந்து மாதத்தில் டெக்குகளுக்கு மொத்தம் வந்த பதில் இரண்டு.

ராக்கெட் · மார்ச் 12

பயந்து பதில் போட்டிருப்பார்கள்.

மாதக்கடைசி · மார்ச் 12

ஒருவர் பயந்துதான். மற்ற இருவர் இல்லை. ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: "எம்ஆர்ஆர் 400 என்றால் முன்பணத்தை விட்டு வசூல் 340-தானே, மீதி 60 எங்கே?" எனக்கும் உடனே தெரியவில்லை. இரண்டு மணி நேரம் இன்வாய்ஸ் பட்டியலைத் துழாவினேன்.

15 இந்தப் புதிய வருடச் சந்தாக்காரருடையது, அது 180-க்குள் போய்விட்டது. 20 பழைய வருடச் சந்தாக்காரர்கள், போன வருடமே கட்டியவர்கள். 9 மாதக் கடைசியில் சேர்ந்தவர்கள், முதல் பில் மார்ச்சில்தான். மிச்சம் 16 பாக்கி. அனுப்பின பில்லுக்கு வராத பணம். அதில் பாதி ஒருவரே, டிசம்பரிலிருந்து.

எம்ஆர்ஆரில் அவரை இன்னும் வாடிக்கையாளர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதம் பணம் தராதவர் வாடிக்கையாளரா?

பழைய_ஆடிட்டர் · மார்ச் 13

எம்ஆர்ஆர் என்பது கணக்கியல் தரத்தில் வரையறுத்த எண் அல்ல. யார் எண்ணுகிறார்களோ அவர் விதி. ஆகவே விதியை ஒரு வரியில் டெக்கிலேயே எழுதி வையுங்கள். "60 நாளுக்கு மேல் பாக்கி உள்ளவரை எண்ணுவதில்லை" என்றோ வேறெதோ. விதி எது என்பதைவிட அது மாதா மாதம் மாறாமல் இருப்பது முக்கியம். மாற்றினால் பழைய மாதங்களையும் புதிய விதிப்படி திரும்பப் போட்டுக் காட்டுங்கள்.

ராக்கெட் · மார்ச் 13

60 நாள் ரொம்பக் கெடுபிடி. கிளினிக்குகள் தாமதமாகத்தான் கட்டும். 90 போடுங்கள்.

மாதக்கடைசி · மார்ச் 13

60-க்கும் 90-க்கும் நடுவில் இன்னும் முடிவு செய்யவில்லை. 60 போட்டால் எம்ஆர்ஆர் 392 ஆகிறது. கை நடுங்குவது அந்த எட்டுக்காகத்தான் என்று தெரிகிறது. அதனாலேயே 60 சரியாக இருக்குமோ?

மாதக்கடைசி · மார்ச் 16

சறுக்கல் ஸ்லைடு. அந்த ஒன்பது கிளைக்காரரைப் பற்றி ஒழுங்காக எழுத உட்கார்ந்தேன். ஏன் போனார்கள் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன்: போட்டியாளர் விலை குறைத்துக் கொடுத்தார். விற்பனைப் பையன் சொன்னது.

உறுதி செய்துகொள்ள சப்போர்ட் டிக்கெட்டுகளைத் தேடினேன். டிசம்பர் முதல் வாரத்தில் முதல் புகார்: இரண்டு கிளைகளில் ஒரே டாக்டருக்கு ஒரே நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் விழுகிறது. டாக்டர் காலையில் ஒரு கிளை, மாலையில் இன்னொரு கிளை. எங்கள் மென்பொருள் ஒவ்வொரு கிளையையும் தனி உலகமாகப் பார்க்கிறது. ஜனவரி முடிவதற்குள் அதே புகார் ஏழு முறை. ஒரு டிக்கெட்டில் அவர்கள் ஆள் எழுதியிருக்கிறார்: "இன்று இரண்டு நோயாளிகள் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்." எங்கள் பதில்: "அடுத்த வெளியீட்டில் பரிசீலிக்கிறோம்."

விலை அல்ல. விலை என்பது கிளம்பும்போது நாகரிகமாகச் சொல்லும் காரணம்.

பணம்போட்டவன் · மார்ச் 16

இதை அப்படியே எழுதுங்கள். என்ன போனது, முதல் அறிகுறி எப்போது வந்தது, யார் பார்த்தார்கள், ஏன் மேலே வரவில்லை. நான் சறுக்கல் பகுதியில் தேடுவது இழப்பை அல்ல, அது எப்போது தெரிய வந்தது என்பதை. டிசம்பரிலேயே தெரிந்தும் பிப்ரவரியில் சொல்கிறார் என்றால் அது ஒரு மாதிரி. டிசம்பரில் கீழே தெரிந்து, மேலே வர இரண்டு மாதம் ஆனதென்றால் அது வேறு மாதிரி. இரண்டாவதைச் சரி செய்யலாம்.

மாதக்கடைசி · மார்ச் 17

எழுதினேன். ஆனால் வாடிக்கையாளர் பெயரை எடுத்துவிட்டேன், "ஒன்பது கிளை உள்ள ஒரு குழு" என்று மட்டும். இந்த மெயில் யாருக்கெல்லாம் ஃபார்வர்ட் ஆகும் என்று யாருக்குத் தெரியும்.

இதே மாதிரி கிளைகள் உள்ள வாடிக்கையாளர் இன்னும் எத்தனை பேர் என்று எண்ணினேன். நான்கு பேர், சேர்ந்து 52. அதாவது எம்ஆர்ஆரில் எட்டில் ஒரு பங்கு இதே ஓட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இதையும் சறுக்கல் பகுதியில் எழுதுவதா? இன்னும் நடக்கவில்லையே.

பழைய_ஆடிட்டர் · மார்ச் 17

எழுதுங்கள். ஆனால் பயமுறுத்துவதற்கு அல்ல, அவர்களுக்கு என்ன செய்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் என்பதோடு.

ராக்கெட் · மார்ச் 17

நான் எழுத மாட்டேன். நடக்காததையெல்லாம் எழுதினால் டெக் முழுக்க நடக்காததுதான் இருக்கும். நடந்தால் எழுதலாம்.

மாதக்கடைசி · மார்ச் 17

நடுவில் ஒன்று செய்தேன்: 52 என்ற எண்ணையும் "டாக்டர் நேரத்தைக் கிளைகளுக்கு இடையில் பகிர்வது, ஏப்ரல் 20-க்குள்" என்பதையும் மட்டும் போட்டேன். பெயரடை எதுவும் இல்லை. சரியா என்று தெரியவில்லை. ஏப்ரல் 20 நழுவினால் அதுவே அடுத்த மாதத்துச் சறுக்கலாக வரும், அதற்குத்தான் தேதி.

மாதக்கடைசி · மார்ச் 19

கடைசிப் பகுதி, கேட்பவை. என் டெக்கில் ஐந்து மாதமும் ஒரே வாசகம்: "தகுந்த அறிமுகங்கள் இருந்தால் உதவவும்." ஐந்து மாதமும் ஒரு அறிமுகமும் இல்லை. இவர்கள் உதவ மாட்டார்கள் என்று மனதுக்குள் ஒரு கோபம் கூட இருந்தது.

பணம்போட்டவன் · மார்ச் 19

"தகுந்த அறிமுகம்" என்றால் நான் என்ன செய்ய? என் போனில் நூற்றுக்கணக்கான பெயர்கள். எது தகுந்தது என்று நான் யோசிக்க வேண்டும், அப்புறம் உங்கள் தொழில் என்ன என்று அவருக்கு நான் விளக்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று வைப்பேன். அதோடு சரி.

எனக்கு வேலை வைக்காமல் கேளுங்கள். எந்த வகை ஆள், எதற்கு, எவ்வளவு நேரம். கூடவே நான் அப்படியே ஃபார்வர்ட் செய்ய ஒரு சின்னப் பத்தி, உங்கள் குரலில்.

மாதக்கடைசி · மார்ச் 20

இப்படி மாற்றினேன்: "மூன்று கிளைக்கு மேல் உள்ள கிளினிக்கில் டாக்டர்களின் நேரப் பட்டியலைத் தினமும் போடும் நிர்வாகி ஒருவரோடு 30 நிமிடம் பேச வேண்டும். விற்க அல்ல. அவர்கள் அந்தப் பட்டியலை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்க." கீழே நான்கு வரிப் பத்தி, ஃபார்வர்ட் செய்வதற்கு.

முதலாளியை அல்ல, பட்டியல் போடுபவரைக் கேட்டிருக்கிறேன் என்பதைக் கவனிக்கவும். முதலாளிக்குத் தெரியாது, ஏழு புகாரும் போட்டது வரவேற்பில் இருப்பவர்தான்.

மரத்தூள் · மார்ச் 21

நான் என் இரண்டு பேரிடமும் "ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் சும்மா கிடந்தால் ஒரு வாரம் கடன் தாருங்கள்" என்று கேட்டேன். ஒருவர் புதிதாகவே வாங்கித் தந்துவிட்டார். இதை முதலீட்டில் எழுதுவதா, அன்பளிப்பா?

பழைய_ஆடிட்டர் · மார்ச் 21

அவரிடமே கேளுங்கள். எழுத்தில்.

மாதக்கடைசி · ஏப்ரல் 2

மார்ச் டெக்குக்கு முன்னேற்பாடு. ஷீட்டில் இரண்டு செல் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டும் பூஜ்யம் காட்டாமல் டெக்கைத் தொடுவதில்லை. B2 தொடக்க இருப்பு, B3 வரவு, B4 செலவு, B5 வங்கிக் கணக்கில் உள்ள கடைசி இருப்பு. D பத்தியில் மேலிருந்து தொடக்கச் சந்தா, புதியது, உயர்ந்தது, இறங்கியது, போனது, முடிவு.

```
=B5-(B2+B3-B4)
=D7-(D2+D3+D4-D5-D6)
```

B5-ஐ வங்கி ஸ்டேட்மென்டிலிருந்து கையால் டைப் செய்கிறேன், பார்முலாவால் வரவைப்பதில்லை. வரவைத்தால் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும், அதில் என்ன பிரயோஜனம்.

முதல் முறை -3 என்று காட்டியது. வங்கிக் கட்டணமும் ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்த பணமும்.

ராக்கெட் · ஏப்ரல் 2

எத்தனை ஸ்லைடு இப்போது?

மாதக்கடைசி · ஏப்ரல் 2

நாலு. எண்கள், சாதனை, சறுக்கல், கேட்பவை. ஆறு மாத எண்கள் ஒரே அட்டவணையில், ஒவ்வொரு மாதமும் வலது பக்கம் ஒரு பத்தி கூடும். அம்புக்குறி கிடையாது. மெயில் உடம்பிலேயே இருப்பு, கரைசல், ரன்வே, எம்ஆர்ஆர் நாலும், டெக்கைத் திறக்காதவருக்காக.

மாதக்கடைசி · ஏப்ரல் 4

எப்போது அனுப்புவது என்பதில் பார்ட்னரோடு சண்டை. நான் ஐந்தாம் தேதி என்கிறேன், அவர் கணக்கு முழுதும் முடிந்தபின் பதினைந்தாம் தேதி என்கிறார்.

பழைய_ஆடிட்டர் · ஏப்ரல் 4

பதினைந்து. கணக்கு முடிக்காமல் அனுப்பினால் இன்னொரு 22 வரும்.

பணம்போட்டவன் · ஏப்ரல் 4

ஐந்து. வங்கி இருப்புக்குக் கணக்கு முடிய வேண்டியதில்லை. பதினைந்தாம் தேதி வரும் எண் எனக்குப் பாதி மாதப் பழசு. ஏழு மாத ரன்வேயில் அரை மாதம் சின்னதல்ல.

மாதக்கடைசி · ஏப்ரல் 5

இரண்டு பேரும் இதில் இறங்கி வர மாட்டார்கள் போலிருக்கிறது. இந்த மாதம் இன்று அனுப்புகிறேன், "எம்ஆர்ஆர் தற்காலிகம்" என்று எழுதி.

தொடக்கம் 2,010. வரவு 352. செலவு 604. கடைசி 1,758. கரைசல் 252, ரன்வே 7.0. ஆடிட்டர் ஐயா கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன்: 352-இல் 10 பழைய பாக்கி வசூலானது, திரும்ப வராது. அதை எடுத்தால் கரைசல் 262, ரன்வே 6.7. டெக்கில் 6.7 போட்டிருக்கிறேன்.

பாக்கி விதி 60 நாள்தான், போன மாதங்களையும் அதன்படி திரும்பப் போட்டேன். எம்ஆர்ஆர் 392-இலிருந்து: புதியது 21, உயர்ந்தது 9, இறங்கியது 4, போனது 15. முடிவு 404.

கேட்டதற்கு இரண்டு அறிமுகம் வந்தது. ஒருவர் கிளினிக்கே அல்ல, ஜிம் வைத்திருக்கிறார், நல்ல மனிதர், அரை மணி நேரம் பேசினோம், ஒன்றும் உதவாது. இன்னொருவர் ஐந்து கிளைக்கு நேரப் பட்டியல் போடுபவர். சுவரில் ஒட்டிய தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினார். நாலு நிறம். பச்சை என்றால் டாக்டர் பயணத்தில் இருக்கிறார். பயண நேரம் என்ற ஒன்றையே நாங்கள் யோசித்ததில்லை. ஏப்ரல் 20 நழுவும்.

பழைய_ஆடிட்டர் · ஏப்ரல் 5

392 உடன் 21, 9 கூட்டி, 4, 15 கழித்தால் 403. நீங்கள் 404 போட்டிருக்கிறீர்கள்.

மாதக்கடைசி · ஏப்ரல் 5

போனது 14.6, இறங்கியது 3.7. தனித்தனியே முழு எண்ணாக்கினேன், முடிவைத் தனியாக. ஷீட்டில் பூஜ்யம்தான் காட்டுகிறது, ஸ்லைடில்தான் ஒன்று உதைக்கிறது.

அனுப்பியாகிவிட்டது.

பணம்போட்டவன் · ஏப்ரல் 5

அந்த ஒரு வரிக்காரர் கேட்பார் பாருங்கள்.

மாதக்கடைசி · ஏப்ரல் 5, இரவு

கேட்டுவிட்டார்.